கார்டை அழிக்கும் முன்

படப்பிடிப்பில் கேமராவிலிருந்து கழற்றிய மெமரி கார்டை வெறுமனே இழுத்துப் போட்டு காப்பி எடுத்தால், கோப்பின் அளவு சரியாகவே தெரியும். உள்ளே ஒரு பிட் புரண்டிருந்தாலும் தெரியாது. அதனால் சில்வர்ஸ்டாக் போன்ற மென்பொருள், கார்டில் உள்ள கோப்பைப் படித்து ஓர் எண்ணைக் கணக்கிடுகிறது. அதுதான் செக்சம். பிறகு டிஸ்கில் எழுதியதைத் திரும்பப் படித்து அதே கணக்கைப் போடுகிறது. ஒரு கிளிப்புக்குக் கார்டில் 7f3a என்றும் டிஸ்கில் c21e என்றும் தொடங்கினால் அந்தப் பிரதி செல்லாது. கேபிளையோ கார்டு ரீடரையோ மாற்றி மறுபடி எடுக்க வேண்டும்.

ஸ்பாட்டில் இரண்டு டிஸ்க். மூன்றாவது அன்றிரவே வேறு வண்டியில் எடிட்டிங் அலுவலகத்துக்கு. மூன்றும் ஒத்துப்போகும்வரை, உதவி கேமராமேன் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. கேமராவே பழுதாகப் பதிவுசெய்திருந்தால் செக்சம் அதையும் சரியென்றே சொல்லும். கிளிப்பை ஓட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.