ஆராரோ இல்லாத தாலாட்டு

“எங்கள் பாட்டி ஒரு தாலாட்டுப் பாடுவார். ஆராரோ என்று வரும். என்ன பாட்டு என்று தெரிந்த நேயர்கள் சொல்லுங்கள்” என்று வானொலி நிலையத்துக்கு எழுதினால் பதில்கள் குவியும். ஆனால் ஒன்றாலும் பயன் இருக்காது. ஆராரோ வராத நாட்டுப்புறத் தாலாட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அழுகிற பிள்ளையிடம் யார் அடித்தார் என்று கேட்பதும், தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசையை அடுக்குவதும் ஊருக்கு ஊர் உண்டு. எல்லோருக்கும் நினைவிருக்கும் பகுதியை வைத்து ஒரு பாட்டைத் தனியே பிரித்தறிய முடியாது.

எழுத உட்காரும் முன் வீட்டில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பாட்டி எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே வார்த்தைகளைத்தான் பாடினாரா? பிள்ளைக்கேற்பப் பெயரும் உறவும் ஊரும் மாறியிருந்தால், அது பாடுகிறவர் அங்கேயே கட்டிக்கொண்டு போகும் நாட்டுப்புறத் தாலாட்டு. அதற்குத் தலைப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. “எந்த ஊர்ப் பக்கம் இப்படிப் பாடுவார்கள்?” என்றுதான் கேட்க முடியும். வார்த்தைகள் மாறவே இல்லையென்றால் யாரோ எழுதிய பாட்டு என்று நம்பலாம். அது சினிமாப் பாட்டாகவோ பக்திப் பாடலாகவோ இருக்கலாம்.

குமரி மாவட்டத்துக் குடும்பம் ஒன்று நாகர்கோவில் வானொலிக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கடிதம் இப்படி அமையலாம்:

“நேயர்களுக்கு வணக்கம். எங்கள் பாட்டி கல்குளம் பக்கத்தில் பிறந்தவர். 1950-களில் எங்கள் அம்மாவுக்கும் பிறகு எங்களுக்கும் ஒரே தாலாட்டைத்தான் பாடினார். அதில் ஆராரோ கிடையாது. ‘இதுவா, அதுவா’ என்று கேட்பதுபோல் அடிகள் ‘ஓ’ என்று முடியும். தாமரைப் பூவும் நிலவும் வரும். ‘கிடாவோ’ என்று ஒரு சொல் எங்கள் காதில் விழுந்தது. ஆட்டுக்கிடாயைப் பற்றிய பாட்டென்றே நினைத்திருந்தோம். இது என்ன பாட்டு என்று சொல்ல முடியுமா? அடுத்து என்ன வரும் என்பதையும் எழுதுங்கள்.”

அறிவிப்பாளர் ஒரு நிமிடத்துக்குள் வாசித்துவிடலாம். கேட்பவர் திரும்பப் புரட்டிப் பார்க்க முடியாது என்பதால் நீளம் கூடாது. காலம் சொல்லியிருப்பதால் பல ஊகங்கள் தாமாகவே விழும். 1950-களில் கேட்ட பாட்டு 1961-இல் வந்த ‘பாசமலர்’ படத்துத் தாலாட்டாக இருக்க வழியில்லை. ‘கிடாவோ’ என்று காதில் விழுந்ததைத் திருத்தாமல் எழுதியதுதான் இந்தக் கடிதத்தின் பலம். பொருள் புரியாத சொல்லை நமக்குத் தெரிந்த சொல்லாக மாற்றி எழுதிவிட்டால் பாட்டைத் தெரிந்தவருக்கும் அடையாளம் தெரியாது.

கடிதத்தில் வேண்டுமென்றே விட்ட ஒன்றும் உண்டு. பாட்டில் ஒரு மான்குட்டி வரும் என்பது அண்ணனுக்கும் தங்கைக்கும் நினைவிருக்கிறது. கலந்து பேசாமல் தனித்தனியே எழுதிப் பார்த்தபோதும் இருவரும் அதைச் சொன்னார்கள். அதை வானொலிக்குச் சொல்லவில்லை.

மலையாளம் அறிந்த நேயர் ஒருவருக்கு இந்தக் கடிதம் போதும். இரயிம்மன் தம்பியின் ‘ஓமனத்திங்கள் கிடாவோ’ என்று எழுதிவிடுவார். 1813-இல் திருவிதாங்கூர் அரண்மனையில் சுவாதித் திருநாள் பிறந்தபோது அவருக்காகப் பாடப்பட்ட தாலாட்டு அது. அரச வாரிசுக்கு நாடே ஏங்கிக் கிடந்த காலம். அதனால்தானோ என்னவோ, பாட்டு முழுக்க ஒரே வியப்பு. நிலவா, தாமரையா, பூவில் நிறைந்த தேனா என்று கேட்டுக்கொண்டே போகும் அந்தப் பாட்டு, தூங்கு என்று ஓரிடத்தில்கூடச் சொல்வதில்லை. கல்குளம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்த பகுதி. அங்கே பிறந்த ஒரு தமிழ்ப் பாட்டியிடம் இந்த மலையாளத் தாலாட்டு வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

ஆனாலும் பதில் வந்தவுடன் ஒப்புக்கொள்ளக் கூடாது. நிலவும் தாமரையும் எத்தனையோ பாட்டுகளில் உண்டு. கேட்பவரை மகிழ்விக்க “ஆமாம், அதேதான்” என்று எழுதுகிறவர்களும் உண்டு. அந்த நேயர் மயிலையும் குயிலையும் சொல்லி, துள்ளுகிற மான்குட்டியையும் தானாகவே எழுதியிருந்தால் பாட்டு கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம். மறைத்து வைத்த அடையாளம் இதற்காகத்தான்.

பிறகு ஒலிப்பதிவைத் தேடிக் கேட்கும்போது ஒரு குழப்பம் வரலாம். வார்த்தை சரியாக இருக்கும், மெட்டு வேறாக இருக்கும். முதலில் குறிஞ்சி ராகத்தில் அமைந்த இந்தப் பாட்டை நவரோஜிலும் நீலாம்பரியிலும் பாடுகிறார்கள். போதாக்குறைக்கு, வீட்டில் பாடுகிறவர்கள் தங்கள் குரலுக்கேற்பச் சுருக்கியும் இழுத்தும் கொள்வார்கள். ஆகவே மெட்டு ஒத்துப்போனால் கூடுதல் சான்று. ஒத்துப்போகாததால் மட்டும் பாட்டைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

அச்சிட்ட பாடலோடு ஒப்பிடும்போது எதிலும் சேராத ஓரிரு அடிகள் மிஞ்சலாம். பேரப்பிள்ளையின் செல்லப்பெயரோ, வீட்டுத் திண்ணையோ, வயலோ அதில் வந்தால் அவை பாட்டி சேர்த்தவையாக இருக்கும். எந்த நேயரிடமும் அவற்றுக்குப் பதில் இருக்காது. தம்பியின் வரிகளை எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம். இந்த அடிகளைத்தான் முதலில் எழுதி, பாடத் தெரிந்தவர் இருக்கும்போதே பதிவு செய்துகொள்ள வேண்டும்.