ஆபீஸ் கார்டு ஸ்டேட்மென்ட்ல எது உங்க செலவு, எது கம்பெனி செலவு? பிரிக்கிறது இப்படித்தான்!

ஃபீல்டு வேலையில இருக்கிற பலருக்கு கம்பெனி ஃப்யூயல் கார்டு கொடுத்திருக்கும். சிலருக்கு கார்ப்பரேட் கிரெடிட் கார்டும் உண்டு. மாசக் கடைசியில ஸ்டேட்மென்ட் வந்ததும் "இதுல உங்க சொந்தச் செலவு எவ்வளவு?"ன்னு அக்கவுன்ட்ஸ்ல இருந்து மெயில் வரும். அங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க.

காரணம், ரெண்டு கார்டுக்கும் ஒரே மாதிரி கணக்குப் போடுறதுதான். கார்ப்பரேட் கார்டு செலவைப் பில்லை வச்சுப் பிரிக்கணும். பெட்ரோலைக் கிலோமீட்டரை வச்சுத்தான் பிரிக்கணும்.

பெட்ரோல்: பில் தேதியைப் பார்க்காதீங்க

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். உங்க சொந்தக் காருக்கு கம்பெனி ஃப்யூயல் கார்டு. மாசத்துல நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் 25 லிட்டர் போட்டிருக்கீங்க. கணக்கு சுலபமா இருக்க லிட்டர் 100 ரூபாய்னு வச்சுக்கலாம். மொத்தம் 10,000 ரூபாய்.

நாலுல ஒரு பில் ஞாயித்துக்கிழமை போட்டது. "அது மட்டும் என்னோடது, 2,500 ரூபாய்"னு எழுதிக் கொடுத்துடலாமா? கூடாது. ஞாயிறு போட்ட பெட்ரோல்லதான் திங்கட்கிழமை கஸ்டமரைப் பார்க்கப் போயிருப்பீங்க. வெள்ளிக்கிழமை போட்டது சனிக்கிழமை குடும்பத்தோட வெளிய போக ஓடியிருக்கும். எந்த நாள் போட்டோம்ங்கிறது எதுக்கு ஓடுச்சுன்னு சொல்லாது.

சரியான வழி இது. மாசத்தின் கடைசி நாள் டேங்கை ஃபுல் பண்ணுங்க, அப்பவே ஓடோமீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அடுத்த மாசக் கடைசியிலயும் அதே மாதிரி. போன மாசக் கடைசியில 24,310, இந்த மாசக் கடைசியில 25,910 என்றால் ஓடினது 1,600 கிலோமீட்டர். உங்க விசிட் குறிப்புப்படி ஆபீஸ் வேலைக்கு ஓடினது 1,120. மீதி 480 கிலோமீட்டர் உங்களோடது, அதாவது 30 சதவீதம். 10,000 ரூபாய்ல உங்க பங்கு 3,000. ஞாயிறு பில்லை மட்டும் காட்டியிருந்தா 500 ரூபாய் குறைஞ்சிருக்கும்.

ரெண்டு முனையிலயும் டேங்க் ஃபுல்லா இருந்தாதான் இந்தக் கணக்கு நிற்கும். போட்ட 100 லிட்டரும் இந்த 1,600 கிலோமீட்டருக்கே போச்சுன்னு அப்பதான் சொல்ல முடியும். இதுல மைலேஜ் 16 வருது. அடுத்த மாசம் திடீர்னு 12 வந்தா எங்கயோ தப்பு: ஓடோமீட்டரைத் தப்பா எழுதியிருப்பீங்க, இல்லன்னா அதே கார்டுல வேற வண்டிக்குப் போட்டிருப்பீங்க.

வீட்டுல இருந்து ஆபீஸ் போற தூரம் எந்தக் கணக்குல வரும்? இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பாலிசியில என்ன இருக்குன்னு மெயில்ல கேட்டு, பதிலைப் பத்திரமா வச்சுக்கோங்க.

ஓட்டல் பில்: ஒரே வரிக்குள்ள ரெண்டு செலவு

கார்ப்பரேட் கார்டு ஸ்டேட்மென்ட்ல ஓட்டல் பேரும் 7,350 ரூபாயும் மட்டும் இருக்கும். உள்ள என்ன இருக்குன்னு ஓட்டல் பில்தான் சொல்லும். ரூம் 5,000, அதுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி 250. அன்னைக்கு ராத்திரி ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்களைக் கூட்டிட்டு வந்து சாப்பிட்டது 2,000, அதுக்கு ஜிஎஸ்டி 100. உங்க பங்கு 2,000 இல்ல, 2,100. சொந்தச் செலவோட வரியும் உங்களோடதுதான். இந்த 100 ரூபாயைத்தான் பலரும் விட்டுடுறாங்க.

செக்-அவுட் பண்ணும்போதே ரெண்டு பில்லாக் கேளுங்க. ரூமுக்கு கம்பெனி பேரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்டு ஒண்ணு, சாப்பாட்டுக்கு உங்க பேர்ல ஒண்ணு. ரெண்டாவதை உங்க சொந்தக் கார்டுலயே கட்டிட்டா பிரிக்கிற வேலையே இல்லை.

பிரிக்காம விட்டா என்ன ஆகும்?

கம்பெனி கார்டுல ஏறின சொந்தச் செலவை நீங்க திருப்பிக் கட்டலைன்னா, வருமான வரி விதிப்படி அது பெர்க்விசிட். உங்க சம்பளத்தோட சேர்த்து வரி போடுவாங்க. முழுக்க ஆபீஸ் செலவுன்னா வரி இல்லை. ஆனா அதுக்குத் தேதி, என்ன செலவுங்கிற விவரமும் கம்பெனியோட சான்றும் வேணும். சொந்தக் காருக்குப் போட்ட பெட்ரோல்னா தேதி, போன இடம், கிலோமீட்டர், செலவு நாலும் குறிப்புல இருக்கணும். குறிப்பு இல்லைன்னா, விதியில சொல்லியிருக்கிற நிலையான தொகையை மட்டும் கழிச்சுட்டு மீதியை உங்க வருமானமாவே எடுத்துக்குவாங்க, நீங்க எவ்வளவு தூரம் ஆபீஸ் வேலைக்கு ஓடியிருந்தாலும் சரி.

திருப்பிக் கட்டும்போது கையில பணமாக் கொடுக்காதீங்க. கம்பெனி அக்கவுன்ட்டுக்கு அனுப்பி, எந்த மாச ஸ்டேட்மென்ட்டுக்குன்னு ரிமார்க்ஸ்ல எழுதுங்க. சம்பளத்துல பிடிச்சா, பே ஸ்லிப்ல அந்தத் தொகை தனி வரியா வந்திருக்கான்னு பாருங்க. வேலையை விடும்போது, ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்ல பழைய ஸ்டேட்மென்ட்டை எடுத்து மறுபடி பிடிச்சா, உங்க கையில இருக்கிற ஆதாரம் அதுதான்.