செலானில் இருப்பது வேறு வண்டி

வண்டி எண்ணைக் கேமரா தவறாகப் படித்தாலோ, காவலர் கருவியில் தவறாகத் தட்டினாலோ, இ-செலான் வேறொருவர் பெயருக்குப் போய்விடுகிறது. அதை மறுத்து எழுதுமுன், செலானோடு வரும் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கடிதம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை அந்தப் படம்தான் முடிவு செய்கிறது.

ஓர் உதாரணம். வெள்ளை ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு, ஹெல்மெட் அணியவில்லை என்று 1000 ரூபாய் அபராதம் வருகிறது. செலானில் அவருடைய எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் 3681. படத்திலோ கறுப்பு மோட்டார் சைக்கிள். அதன் நம்பர் பிளேட்டில் 8681. எட்டை மூன்றாகப் படித்ததால் வந்த பிழை இது. இத்தகைய பிழையைப் படமும் ஆர்.சி.யுமே நிரூபித்துவிடும். படத்திலும் 3681 என்றே இருந்து, வண்டி மட்டும் வேறாக இருந்தால், யாரோ அதே எண்ணைப் போலியாக மாட்டி ஓட்டுகிறார்கள் என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது மறுப்புக் கடிதம் மட்டும் போதாது. காவல் நிலையத்தில் தனிப் புகாரும் கொடுத்து, அந்த ரசீதின் நகலைக் கடிதத்தோடு சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்தடுத்த செலான்களும் இதே முகவரிக்கே வரும்.

கடிதத்தைச் செலான் வழங்கிய போக்குவரத்துக் காவல் பிரிவுக்கு எழுதலாம், echallan.parivahan.gov.in தளத்தின் புகார்ப் பகுதியிலும் பதிவு செய்யலாம். செலான் எண், நாள், நேரம், இடம் ஆகியவை முதல் வரியிலேயே வர வேண்டும். அடுத்து நேரே பிழைக்கு வரலாம்: “செலானில் குறிப்பிட்டுள்ள 3681 என்னுடைய வெள்ளை நிற ஸ்கூட்டர். இணைத்துள்ள படத்தில் இருப்பது 8681 என்ற எண்ணுள்ள கறுப்பு மோட்டார் சைக்கிள். ஆகவே இந்தச் செலானை ரத்து செய்யக் கோருகிறேன்.”

இவ்வளவே போதும். ‘அன்று நான் ஊரிலேயே இல்லை’ என்று பலர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வண்டியை வேறு யாராவது ஓட்டியிருக்கலாமே என்ற கேள்விக்கு அது பதிலாகாது. வண்டியின் வகை, நிறம், எண் ஆகிய மூன்றும்தான் பேச வேண்டும். ஆர்.சி. நகல், எண் தெரியும்படி முன்னும் பின்னும் எடுத்த வண்டிப் படங்கள், செலான் படத்தில் நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிய அச்சு ஆகியவற்றை இணைக்க வேண்டும்.

படம் மங்கலாக இருந்து எண்ணே தெரியாவிட்டால், அதையே வாதமாக வைக்கலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் சேர்ந்த 167ஏ விதி, மீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும் என்கிறது.

தொல்லை விட்டால் போதும் என்று பணத்தைக் கட்டிவிடக் கூடாது. கட்டினால் குற்றத்தை ஏற்றதாகிவிடும். செலான் இணையவழி நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அங்கே அபராதம் கட்டுவதைத் தேர்ந்தெடுக்காமல், வழக்கை எதிர்கொள்வதாகப் பதிவு செய்ய வேண்டும். நேரில் கொடுத்த கடிதத்துக்கு முத்திரையிட்ட ஒப்புகையும், இணையத்தில் பதிந்ததற்குப் புகார் எண்ணும் வாங்கி வைத்து, தளத்தில் செலானின் நிலை மாறும்வரை அவ்வப்போது பார்த்துவர வேண்டும்.