குட்டைக் காலும் குதிகால் அட்டையும்

பேன்ட்டுக்கு அளவெடுக்கும் தையல்காரர் 'ஒரு கால் கொஞ்சம் குட்டை, சார்' என்றதும், முதுகுவலிக்குக் காரணம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அவசரம் வேண்டாம். அரை சென்டிமீட்டர் வித்தியாசம் வலியே இல்லாதவர்களுக்கும் சகஜம். டேப் அளவு எளிதில் பிசகும். நிற்கவைத்து, குட்டைக் காலுக்கடியில் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து, இடுப்பு எந்த உயரத்தில் சமமாகிறது என்று பார்ப்பதே மேல். உட்கார்ந்த பிறகும் இடுப்பு சாய்ந்தே இருந்தால், காலை மட்டும் குறைசொல்ல முடியாது. இடுப்பெலும்பையும் முதுகெலும்பையும் பார்க்க வேண்டும்.

பலகை 12 மில்லிமீட்டர் காட்டினால், அத்தனையையும் ஒரேயடியாக ஈடுகட்டுவதில்லை. ஷூவுக்குள் 3 மில்லிமீட்டர் அட்டையில் தொடங்கி, சில வாரங்களில் மெல்லக் கூட்டுவார்கள். ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் குதிகால் ஷூவிலிருந்து நழுவும். சிலருக்கு வலி குறைகிறது; ஆய்வுச் சான்று வலுவானதல்ல. வீட்டில் வெறுங்காலோடு நடமாடும் நமக்குப் பலன் இன்னும் குறையலாம். ஓரிரு மாதத்தில் மாற்றமில்லை என்றால் அட்டையை எடுத்துவிடலாம்.