24 வட்டியா, 26 வட்டியா?

நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் என்பார்கள். கூட்டு வட்டி படித்த நாங்கள் அதைக் கணக்கிட்டுப் பார்த்தோம். ஆயிரம் ரூபாய் கடனுக்கு முதல் மாத வட்டி 20 ரூபாய். அதைக் கட்டாவிட்டால் அசலோடு சேர்ந்து 1,020 ஆகிறது. அடுத்த மாத வட்டி 20 ரூபாய் 40 காசு. நாற்பது காசுதானே என்று தோன்றும்! பன்னிரண்டாம் மாத முடிவில் கடன் 1,268 ரூபாய் 24 காசு. ஆகவே உண்மையான ஆண்டு வட்டி 26.82 சதவீதம். மாதந்தோறும் வட்டியைக் கட்டிவந்தால் இந்த ஏற்றம் இல்லை.

சேமிப்பிலோ கூட்டிச் சொல்வார்கள். 8 சதவீத மாதக் கூட்டு வட்டியில் ஆயிரம் ரூபாய் ஐந்தாண்டில் ஏறக்குறைய 1,490 ஆகும். வட்டி 490-ஐ ஐந்தால் வகுத்து, ‘ஆண்டுக்கு 9.8 சதவீதம்’ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவதுண்டு. ஓராண்டு முடிவில் ஆயிரம் ரூபாய் எவ்வளவு ஆகும் என்று கேட்டால், 1,083 என்றுதான் அவர்களும் சொல்லவேண்டும்.