ஆரத்தை எங்கிருந்து அளப்பது?

நுண்கணித வகுப்பில் கொடுக்கக்கூடாத கணக்கு ஒன்று உண்டு. y = x² என்ற பரவளையத்துக்குக் கீழே, x அச்சுக்கு மேலே, x = 0 முதல் x = 2 வரை உள்ள பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை x = 3 என்ற செங்குத்துக் கோட்டைச் சுற்றி ஒரு முழுச் சுற்று சுழற்றினால் கிடைக்கும் திண்மத்தின் கனஅளவு என்ன? விடை 8π. கோடு 3-இல் நிற்கிறது என்பதையே மறந்துவிட்டு, வழக்கம்போல y அச்சைச் சுற்றிச் சுழற்றிக் கணக்குப் போட்ட மாணவருக்கும் 8π-தான் வரும். விடையை மட்டும் பார்த்துத் திருத்துபவர் இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார். இரண்டும் எப்படி ஒன்றாயின என்று தேடிப் போனால், இந்த முறையின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

முதலில் முறையைப் பார்ப்போம். ஆங்கிலப் பாடநூல்களின் வழியே ஷெல் முறை என்று நமக்கு அறிமுகமானது இது. பரப்பை மெல்லிய செங்குத்துப் பட்டைகளாக நறுக்குகிறோம். ஒரு பட்டையை மட்டும் செங்குத்துக் கோட்டைச் சுற்றிச் சுழற்றினால் மேலும் கீழும் திறந்த, மெல்லிய சுவருள்ள குழாய் ஒன்று உருவாகும். அந்தக் குழாயை நெடுக்காக வெட்டி, சுருட்டிய பாயை விரிப்பது போல விரித்துப் போட்டால் ஏறத்தாழ ஒரு செவ்வகத் தகடு. அதன் நீளம் குழாயின் சுற்றளவு, அதாவது 2π × ஆரம். உயரம் பட்டையின் உயரம். தடிமன் பட்டையின் அகலம். மூன்றையும் பெருக்கினால் ஒரு குழாயின் கனஅளவு. எல்லாக் குழாய்களையும் கூட்டினால், அதாவது தொகையிட்டால், முழுத் திண்மத்தின் கனஅளவு.

இந்த மூன்றில் உயரம் வளைகோட்டைப் பொறுத்தது. தடிமன் நாம் நறுக்கும் விதத்தைப் பொறுத்தது. சுழற்சிக் கோடு எங்கே நிற்கிறது என்பதைக் கவனிப்பது ஆரம் மட்டும்தான். y அச்சைச் சுற்றிச் சுழற்றும்போது பட்டைக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் x. அதனால் பாடநூலில் 2π∫ x·f(x) dx என்று வாய்பாடு எழுதியிருப்பார்கள். மாணவர்கள் அதை அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது: அந்த x ஆரமாக வந்து நிற்கிறது என்பது மறந்துபோய், அது வாய்பாட்டோடு பிறந்ததாகத் தோன்றிவிடுகிறது.

நம் பரப்பை முதலில் y அச்சைச் சுற்றியே சுழற்றுவோம். ஆரம் x, உயரம் x², பெருக்கினால் x³. இதை 0 முதல் 2 வரை தொகையிட்டால் 4. 2π-ஆல் பெருக்க, 8π. திண்மத்தின் வடிவத்தையும் மனத்தில் கொண்டுவருவது நல்லது: 2 அலகு ஆரமும் 4 அலகு உயரமும் கொண்ட கட்டையான உருளை, அதன் மேலிருந்து கிண்ணம் போல் ஒரு குழி தோண்டப்பட்டிருக்கிறது. முழு உருளை 16π. தோண்டியெடுத்தது சரிபாதி.

இப்போது கோட்டை 3-க்கு நகர்த்துவோம். பட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் உயரமும் மாறவில்லை. 0 முதல் 2 வரை என்ற எல்லையும் மாறவில்லை, ஏனென்றால் அந்த எல்லை பரப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது. கோடு எங்கே இருக்கிறது என்பதை அல்ல. மாறியது ஆரம் ஒன்றே. கோடு பரப்புக்கு வலப்பக்கம் நிற்பதால், x-இல் உள்ள பட்டைக்கும் அதற்கும் இடையே 3 − x தூரம்.

இந்த மாற்றம் ஒவ்வொரு பட்டையையும் ஒரேமாதிரி பாதிப்பதில்லை. 0.5-இல் உள்ள குட்டைப் பட்டையின் உயரம் 0.25 மட்டுமே. முன்பு அதன் சுற்று π. இப்போது ஆரம் 2.5 ஆகிவிட்டதால் சுற்று 5π. மறுகோடியில் 4 அலகு உயரமாக நிற்கும் பட்டைக்கு நேர்மாறான கதை: முன்பு 4π சுற்றியது, இப்போது கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் வெறும் 2π. குட்டையானவை நெடுந்தூரம் சுற்றுகின்றன, நெட்டையானவை கிட்டத்திலேயே சுற்றி முடிக்கின்றன. அதனால் உருவம் முழுக்க வேறாகிவிடுகிறது. நடுவில் ஓர் அலகு ஆரமுள்ள ஓட்டை, அதைச் சுற்றி 4 அலகு உயரச் சுவர், அங்கிருந்து வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்கித் தரையைத் தொடும் மேடு.

கணக்கு இது: (3 − x)x² என்பதை விரித்தால் 3x² − x³. தொகையிட்டால் x³ − x⁴/4. இதில் 2-ஐப் போட்டால் 8 − 4 = 4. விடை மறுபடியும் 8π.

இந்தத் தற்செயலை விளக்க 4-ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியாவில் இருந்த பாப்பஸிடம் போக வேண்டும். சுழலும் பரப்பை அதன் ஈர்ப்பு மையம் சுற்றிவரும் தூரத்தால் பெருக்கினால் கனஅளவு கிடைத்துவிடும் என்பது அவருடைய தேற்றம். 17-ஆம் நூற்றாண்டில் பால் குல்டின் இதையே தம் நூலில் விரிவாக எழுதியதால் இருவர் பெயராலும் வழங்குகிறது. நம் பரப்பு 8/3. அதன் மையம் x = 1.5-இல் இருக்கிறது. 0-க்கும் 3-க்கும் சரியான நடு! எந்தக் கோட்டைச் சுற்றினாலும் மையம் 1.5 ஆரத்தில்தான் சுற்றும். எனவே கனஅளவும் ஒன்றே. கேள்வி தயாரித்தவர் 3-க்குப் பதில் 4 என்று போட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். ஆரம் 4 − x ஆகி, விடை 40π/3, அதாவது சுமார் 41.9 என வந்திருக்கும். மறந்தவரின் கையில் 8π, சுமார் 25.1. என்னைக் கேட்டால், இடம்மாறிய கோட்டைச் சோதிக்கும் எந்தக் கேள்வியையும் மையத்தைக் கணக்கிட்டுப் பார்க்காமல் தாளில் சேர்க்கக் கூடாது.

கோடு இடப்பக்கம் போனால் குறி தடுமாறும். x = −1 என்ற கோட்டைச் சுற்றும்போது பலர் கை தானாகவே x − 1 என்று எழுதிவிடும். 2-இல் உள்ள பட்டைக்கும் −1-இல் உள்ள கோட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று விரல்விட்டு எண்ணினால் 3. x − 1 என்பதில் 2-ஐப் போட்டால் 1 வருகிறது, அது தவறு. x + 1-இல் போட்டால் 3. இந்த ஒரு சோதனை போதும்: பரப்பின் ஏதாவதொரு ஓரத்தை ஆரத்தில் போட்டு, வரும் எண் படத்தில் தெரியும் தூரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. வலப்பக்கக் கோட்டுக்கு x − 3 என்று எழுதியவருக்கு எச்சரிக்கை இன்னும் வெளிப்படையாக வரும். கனஅளவே −8π என்று எதிர்க்குறியில் நிற்கும். அப்போது குறியை அழித்துவிட்டு மேலே போகாமல், எங்கே தலைகீழானது என்று பார்ப்பதே நல்லது.

இன்னொரு தவறு கொஞ்சம் நுட்பமானது. ஆரம் 1 முதல் 3 வரை போகிறதே என்று சிலர் எல்லைகளையும் 1 முதல் 3 என்று மாற்றிவிடுவார்கள். அப்படி மாற்றுவது குற்றமில்லை, ஆனால் மாற்றினால் முழுவதும் மாற்ற வேண்டும். ஆரத்தை u என்று கொண்டால் x என்பது 3 − u; ஆகவே உயரம் (3 − u)². u(3 − u)² என்பதை 1 முதல் 3 வரை தொகையிட்டால் அதே 4 வருகிறது. எல்லையை மட்டும் மாற்றி உள்ளே பழைய (3 − x)x²-ஐயே வைத்திருந்தால் 6 வரும், கனஅளவு 12π ஆகிவிடும்.

குழாய்களாக உரித்து விரிக்கும் இந்த யோசனை தொகையீடு என்ற சொல் பிறப்பதற்கு முந்தியது. கோள்களின் பாதையை வகுத்த யோகான்னஸ் கெப்ளர் 1613-இல் இரண்டாம் திருமணம் செய்துகொண்டு, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்து வீட்டுக்குத் திராட்சை மது வாங்கினார். வியாபாரி பீப்பாயின் துளை வழியாக ஒரு கோலைச் சாய்வாக நுழைத்து, நனைந்த நீளத்தைப் பார்த்தே அளவைச் சொல்லிவிட்டார். அதில் எழுந்த சந்தேகம் 1615-இல் மதுப் பீப்பாய்களின் கனஅளவைப் பற்றிய நூலாக வெளிவந்தது. பீப்பாயோடு நிற்காமல் பலவிதச் சுழற்சித் திண்மங்களை அவர் ஆராய்ந்தார். வட்டத்தை ஒரு நாணால் இரண்டாக வெட்டி, பெரிய துண்டை அந்த நாணைச் சுற்றிச் சுழற்றினால் வருவதற்கு ஆப்பிள் என்றும், சிறிய துண்டைச் சுழற்றினால் வருவதற்கு எலுமிச்சை என்றும் பெயர் வைத்தார். ஆப்பிளை ஒன்றுக்குள் ஒன்றான உருளைத் தாள்களாக உரித்து, ஒவ்வொன்றையும் விரித்து வரிசையாக நிறுத்தினார். நாணிலிருந்து தள்ளிப்போகப் போகத் தாளின் நீளம் சீராகக் கூடுவதால், அடுக்கு முழுவதும் சேர்ந்து சாய்வாக வெட்டிய உருளைத் துண்டாக அமைந்தது. அந்தச் சாய்வு எங்கே பூச்சியத்தில் தொடங்குகிறது? சுழற்சிக் கோட்டில். நாம் x-ஐ 3 − x ஆக மாற்றும்போது செய்வதும் அந்தத் தொடக்கப் புள்ளியை நகர்த்துவதுதான்.

கெப்ளர் பெரிய துண்டை மட்டும் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கோடு பரப்பின் ஊடாகவே போனால், இரு பக்கமும் சுழன்று ஒரே இடத்தை இரண்டுமுறை நிரப்பும். வட்டத்தில் சிறிய துண்டின் திண்மம் பெரியதன் திண்மத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

நம் பரவளையப் பரப்பை x = 1-ஐச் சுற்றிச் சுழற்றினால் இதே நிலைதான். ஆரம் x − 1 என்று கண்ணைமூடிக்கொண்டு 0 முதல் 2 வரை தொகையிட்டால் 8π/3 வரும். இடப்பக்கம் எதிர்க்குறியில் கழிந்துபோயிருக்கும். தூரத்துக்கு எதிர்க்குறி கிடையாது என்று இரு பக்கத்தையும் கூட்டினால் 3π; இப்போது இடப்பக்கம் இருமுறை எண்ணப்பட்டிருக்கும். கோட்டிலிருந்து r தூரத்தில் வலப்பக்கப் பட்டையின் உயரம் (1 + r)², இடப்பக்கத்தது (1 − r)². வலப்பக்கம் எப்போதும் உயரமானது, எனவே இடப்பக்கம் எழுப்பும் குழாய் முழுவதும் அதற்குள்ளேயே நிற்கிறது. இடப்பக்கத்தின் π/6-ஐ விட்டுவிட்டு வலப்பக்கத்தை மட்டும் r = 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். அப்போது கிடைக்கும் 17π/6 தான் திண்மத்தின் உண்மையான கனஅளவு.