ஆக்சிஜன் சிலிண்டரும் எண்ணெய்க் கையும்

ஆக்சிஜன் எரியும் வாயு அல்ல. சிலிண்டரிலிருந்து வெளியேறும் ஆக்சிஜன் சமையல் எரிவாயுவைப்போலத் தானே பற்றிக்கொள்வதில்லை. ஆனால் பக்கத்தில் எரியக்கூடியது எதுவாக இருந்தாலும், அது பற்றுவதற்குத் தேவையான சூட்டைக் குறைக்கும். பற்றியதை மூர்க்கமாக எரியவும் வைக்கும். மருத்துவமனையிலும் வீட்டிலும் நேரும் ஆக்சிஜன் தீ விபத்துகள் பெரும்பாலும் இந்த ஒரு குணத்தின் விளைவு.

இந்தியாவில் மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் கறுப்பாகவும் தோள் வெள்ளையாகவும் இருக்கும். வீடுகளுக்கு அதிகம் வருவது பி டைப். பத்து லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அந்த உருளைக்குள் ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்சிஜன் அடைக்கப்பட்டிருக்கும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் திறந்தால் ஐந்து மணி நேரம் வரும். வார்டுகளில் நிற்கும் பெரிய டி டைப்பில் இருப்பது சுமார் 7,000 லிட்டர். இவ்வளவு வாயு அந்தச் சிறிய இடத்தில் அடங்கியிருப்பதற்குக் காரணம் அழுத்தம்: நிரப்பிய சிலிண்டருக்குள் அது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு. இதை நோயாளிக்கு ஏற்ற அளவுக்குக் குறைத்துத் தருவதுதான் வால்வில் பூட்டப்படும் ரெகுலேட்டரின் வேலை.

முதல் ஆபத்து வால்வைத் திறக்கும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. மூடிய சிலிண்டரில் பூட்டிய ரெகுலேட்டருக்குள் சாதாரணக் காற்றழுத்தமே இருக்கும். சாவியை ஒரே திருப்பாகத் திருப்பினால் 150 மடங்கு அழுத்தமுள்ள ஆக்சிஜன் அந்தச் சிறிய அறைக்குள் பாய்ந்து, அங்கிருந்த வாயுவை நொடிக்கும் குறைவான நேரத்தில் நசுக்கும். நசுங்கும் வாயு சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதும் இதனால்தான். அறை வெப்பத்திலிருந்து தொடங்கி, வெப்பம் எதுவும் வெளியே கசியாது என்று வைத்துக் கணக்கிட்டால் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. நடைமுறையில் உலோகச் சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்வதால் அவ்வளவு ஏறாது. ஆனால் எண்ணெய் பற்றிக்கொள்ள அவ்வளவு தேவையும் இல்லை.

எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் இங்கே தடை இருப்பது இதனால்தான். மற்ற இயந்திரங்களில் இறுகிப்போன மரையில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவது நல்ல பழக்கம். ஆக்சிஜன் வால்வில் அதே பழக்கம் உயிரைப் பறிக்கலாம். உயர் அழுத்த ஆக்சிஜனில் எண்ணெய்ப் படலம் பற்றுவதற்குத் தீப்பொறிகூட வேண்டாம். வாயு நசுங்கும் சூடே போதும். எண்ணெய் பற்றினால் அந்த வெப்பத்தில் உள்ளேயிருக்கும் வாஷரும் பிளாஸ்டிக் பாகங்களும் பற்றும். அடுத்து உலோகமே எரியும். அலுமினியம் எரியும் என்று சொன்னால் நம்பக் கடினம், ஆனால் இந்த அழுத்தத்தில் அது எரியும். அலுமினிய ரெகுலேட்டர்கள் தீப்பற்றியதால் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 1999இல் எச்சரிக்கை விடுத்து, பித்தளையில் செய்தவற்றைப் பயன்படுத்தச் சொன்னது. 2006இல் இன்னொரு எச்சரிக்கை வந்தது: ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய நைலான் வாஷர்களைத் திரும்பத் திரும்பப் போடுவதால் கசிவும் தீயும் நேர்கின்றன என்பது அதன் சாரம்.

ஆகவே சிலிண்டர் மாற்றுபவர் முதலில் கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய், நோயாளியின் காலில் தடவிய தைலம், கிருமிநாசினி ஜெல் எதுவும் விரலில் மிஞ்சியிருக்கக் கூடாது. வாஷர் தேயாமல், வெடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ளோமீட்டரின் திருகை மூடிவைத்து, ரெகுலேட்டருக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்று, வால்வை மெல்லத் திருப்ப வேண்டும். மெல்லத் திறந்தால் உண்டாகும் வெப்பம் உலோகத்துக்குள் போய்விட நேரம் கிடைக்கிறது. முள் ஏறி நின்றபின் 'உஸ்' என்ற சத்தம் தொடர்ந்தால் அது கசிவு. வால்வை மூடி, வாஷரைப் பார்க்க வேண்டும். ஸ்பேனரால் இன்னும் முறுக்குவது தீர்வல்ல.

இரண்டாவது ஆபத்து அழுத்தமெல்லாம் குறைந்து வாயு வெளியே வந்தபின் தொடங்குகிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். மீதி பெரும்பாலும் நைட்ரஜன். நைட்ரஜன் எரிதலுக்கு உதவாமல் வெப்பத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்வதால் நம் அன்றாடத் தீ கட்டுக்குள் இருக்கிறது. ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் செறிந்த காற்று என்று பாதுகாப்பு விதிகள் கணக்கிடுகின்றன. வெறும் இரண்டரை சதவீத வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு துணிக்கும் தொடர்ந்து எரிய ஒரு குறைந்தபட்ச ஆக்சிஜன் அளவு உண்டு. பருத்திக்கு அது 18 சதவீதத்தை ஒட்டியது. அதனால் சாதாரணக் காற்றிலேயே எரிகிறது. கம்பளிக்கு 25 சதவீதத்தை ஒட்டியது. அதனால் சாதாரணக் காற்றில் பற்றினாலும் பெரும்பாலும் அணைந்துவிடும். ஆக்சிஜன் அந்த அளவைத் தாண்டிய இடத்தில் அதே கம்பளி நின்று எரியும். பருத்தியோ, அதன் மேலுள்ள மெல்லிய இழைகள் வழியாக ஒரு வீச்சில் பரவிவிடும்.

பத்தடி நீளம், அகலம், உயரம் கொண்ட அறையில் சுமார் 28,000 லிட்டர் காற்று இருக்கும். காற்றோட்டமே இல்லாமல் அடைத்துவைத்தால், 21 சதவீதம் 23.5 ஆக உயர ஏறக்குறைய 900 லிட்டர் ஆக்சிஜன் போதும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் மூன்று மணி நேரம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு 60 லிட்டர் கொடுக்கும் கருவியென்றால் கால் மணி நேரம். நோயாளியின் உடல் எடுத்துக்கொள்வது நிமிடத்துக்குக் கால் லிட்டரை ஒட்டியதுதான். மீதி அறைக்கே வருகிறது. ஜன்னல் சற்றுத் திறந்திருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். போர்வைக்குள் அது உதவாது. மூக்குக் குழாயை மூடாமல் கழற்றிப் படுக்கையில் போட்டால், போர்வைக்கும் மெத்தைக்கும் இடையில் சில நிமிடங்களிலேயே ஆக்சிஜன் தேங்கும்.

அங்கே தீயாக மாறக்கூடியவை எல்லா வீட்டிலும் உள்ளவை: சுவாமி விளக்கு, ஊதுபத்தி, பீடி, தீக்குச்சி, கொசு பேட்டில் 'பட்' என்று தெறிக்கும் பொறி. ஆக்சிஜன் மூக்கில் இருக்கும்போது புகைபிடித்தால் தீ குழாய் வழியாகவே முகத்துக்கு ஏறும். காய்ந்த உதட்டுக்கும் மூக்குக்கும் வாசலின் வேண்டாம். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் பயன்படுத்தலாம்.

கான்சன்ட்ரேட்டரில் உயர் அழுத்தச் சிலிண்டர் இல்லாததால் வால்வு ஆபத்து அதற்கு இல்லை. ஆனால் 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஆக்சிஜனை அதுவும் அறைக்குள் விடுவதால் விளக்கும் துணியும் பற்றிய எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

தீப்பற்றிவிட்டால் நோயாளியை விலக்கி, கைக்கு எட்டினால் ஆக்சிஜனை முதலில் மூடுங்கள். அது பாய்ந்துகொண்டிருக்கும்வரை போர்த்தி அணைக்க முயல்வது வீண். தீ இல்லாத நாளிலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஆக்சிஜன் துணியிலும் முடியிலும் தங்கும். கசிவு இருந்த அறையிலிருந்தோ, சிலிண்டர் மாற்றிவிட்டோ வந்தவர் கால் மணி நேரமாவது திறந்தவெளியில் நின்று, உடையை உதறிவிட்டு, அதன்பிறகு அடுப்பங்கரைக்குப் போகட்டும்.